அப்பா விட்டுப்போன வீடு: வரிக்கும் ரிப்பேருக்கும் ஒரு கடிதம்

கும்பகோணத்தில் அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு மெட்ராஸ் டெரஸ் வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் போய்விட்டார், பின்னால் அம்மாவும் போய்விட்டார். பிள்ளைகள் நாலு பேர். கோவையில் மூத்த மகள், சிங்கப்பூரில் பெரிய மகன். மூன்றாவது மகன் அம்மாவுக்குப் பிறகு இறந்துவிட, அவர் மனைவியும் பள்ளியில் படிக்கும் மகளும் திருச்சியில் இருக்கிறார்கள். கடைசி மகன் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறார். ஆறு வருஷமாக வீட்டு வரியை அவர்தான் கட்டுகிறார். வருஷத்துக்கு 6,400 ரூபாய். வாசல் பக்கக் கடை அறை சும்மா கிடந்து, போன ஏப்ரலில்தான் மாதம் 5,000 ரூபாய் வாடகைக்குப் போயிருக்கிறது. இப்போது மாடி ஒழுகுகிறது. கொத்தனார் பார்த்துவிட்டு 1,60,000 ஆகும் என்கிறார்.

போனில் பேசினால் இது எப்படிப் போகும் என்பது பல வீடுகளுக்குத் தெரியும். "நீதானே குடியிருக்கே, நீயே பார்த்துக்கோ" என்பார் ஒருவர். "எனக்குப் பங்கே வேண்டாம், என்னை விட்டுடுங்க" என்பார் அக்கா. அண்ணனிடமிருந்து "ஊருக்கு வந்ததும் பேசிக்கலாம்" என்று வரும். ஒழுகல் மட்டும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் ஒரே மாதிரி போகிற ஒரு கடிதம் வேலை செய்கிறது. அதை எழுதுவதற்குள் கடைசி மகன் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை.

1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தானே சம்பாதித்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு பங்கு. இந்தக் குடும்பத்தில் ஆளுக்குக் கால் பங்கு. இறந்துபோன மகனின் கால் பங்கு அவர் மனைவிக்கும் மகளுக்கும் ஆளுக்கு அரைக்கால் பங்காகப் போகும். (கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களில் பங்கின் கணக்கே வேறு. பங்கு மாறினால் செலவும் அதன்படி மாறும்.) "சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு" என்பதால் அக்காவின் பங்கு குறைவதில்லை. அதே மாதிரி, "வேண்டாம்" என்று அவர் வாயால் சொல்வதால் பங்கு போய்விடுவதும் இல்லை. அதற்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அது நடக்கிற வரை அவரும் உடமைக்காரர்தான். கடிதம் அவருக்கும் போக வேண்டும், செலவிலும் அவர் பெயர் இருக்க வேண்டும். திருச்சி அண்ணியை விட்டுவிடுகிற குடும்பங்களும் உண்டு. அது பெரிய பிசகு. சிறுமிக்காக அவர் இயற்கைக் காப்பாளராகக் கையெழுத்துப் போடலாம், ஆனால் அந்தப் பெண்ணின் பங்கை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும்.

அதனால் கடிதத்தின் முதல் பத்தியிலேயே பங்கை எழுதிவிட்டு, உடனே இப்படி ஒரு வரி சேர்ப்பது நல்லது: "நான் வரி கட்டியதாலோ, ரிப்பேருக்குப் பணம் போட்டதாலோ எனக்குக் கூடுதல் பங்கு எதுவும் கேட்கவில்லை, யாராவது பணம் போடாவிட்டாலும் அவர்கள் பங்கு குறையாது." இதைப் படித்த பிறகுதான் மற்றவர்கள் கடிதத்தின் மிச்சத்தை நிம்மதியாகப் படிப்பார்கள். வரி ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவரே வீட்டுக்குச் சொந்தக்காரர் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. வரிப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் சொத்துரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் கொடுத்து, ரசீதை எல்லா வாரிசுகளின் பெயருக்கும் மாற்றிக்கொள்வதாகக் கடிதத்தில் சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

அடுத்தது பழைய கணக்கு. ஆறு வருஷ வரி 38,400 ரூபாய். சட்டப்படி கட்ட வேண்டிய இன்னொருவருக்காகப் பணம் கட்டியவர் அதைத் திருப்பிக் கேட்கலாம் என்று 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 69ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் கால வரையறைச் சட்டம் இதற்குக் கொடுப்பது, பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று வருஷம்தான். ஆகவே கடைசி மகன் கோர்ட்டுக்கே போனாலும், முதல் மூன்று வருஷப் பணத்தைக் கேட்பது கடினம். அது மட்டும் இல்லை. அவர் அத்தனை நாளும் அங்கே வாடகையில்லாமல் குடியிருந்திருக்கிறார். அவர் வரியைக் கேட்டால், மற்றவர்கள் வாடகைக் கணக்கை எடுப்பார்கள். "இதுவரை கட்டிய வரியை நான் கேட்கவில்லை; நான் குடியிருந்ததற்கு வாடகை என்று யாரும் கணக்கு வைக்க வேண்டாம்; போன ஏப்ரல் முதலான கணக்கை மட்டும் பார்ப்போம்" என்று எழுதுவதே அவருக்குப் புத்திசாலித்தனம். குடியிருக்காமல் வெளியூரிலிருந்து வரி கட்டியவர் இப்படி விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் ரசீதுகளின் நகலோடு தன் பணத்தைத் தாராளமாகக் கேட்கலாம்.

இனிமேல் ஆகும் செலவுதான் கடிதத்தின் நடுப்பகுதி. இங்கே எல்லாவற்றையும் 'வீட்டுச் செலவு' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் சண்டை நிச்சயம். குடியிருப்பதால் ஆகும் செலவு ஒன்று: கரண்ட் பில், குழாய் வாஷர், உள்ளே சுண்ணாம்பு அடிப்பது. இவை குடியிருப்பவர் தலையில். வீடு நிற்பதற்கு ஆகும் செலவு இன்னொன்று. வரியும் மாடி ஒழுகலும் அதில் வரும், அது பங்குப்படி எல்லோருக்கும். மூன்றாவது, வசதிக்குச் செய்வது. தரைக்கு டைல்ஸ் போடுவது, சமையலறையை மாற்றிக் கட்டுவது போன்றவை. மற்றவர்களைக் கேட்காமல் ஒருவர் இதைச் செய்துவிட்டு, பாகப் பிரிவினையின்போது பணத்தைக் கேட்டால் கிடைப்பது அரிது. முடிந்தால் அவர் திருத்திக் கட்டிய பகுதியை அவர் பங்கிலேயே ஒதுக்குவதுதான் நீதிமன்றங்கள் பொதுவாகக் காட்டும் சலுகை.

கொத்தனார் கொடுக்கும் எஸ்டிமேட்டை அப்படியே அனுப்பினால் இந்தப் பிரிவு கலைந்துவிடும். மெட்ராஸ் டெரஸில் மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, தட்டோடு பதித்திருப்பார்கள். ஓட்டின் இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேர் அந்த வழியை இன்னும் அகலமாக்கும். உள்ளே கட்டையின் நுனி, சுவருக்குள் நுழையும் இடத்தில், ஈரத்தில் இற்றுப்போகும். ஆணியால் குத்திப் பார்த்தால் மெத்தென்று இறங்கும், அதுதான் அடையாளம். பழைய தளத்தின் மேலேயே சிமெண்ட் பூசச் சொல்லும் கொத்தனாரின் எஸ்டிமேட் மலிவாகத் தெரியும். ஆனால் அந்தப் பாரம் முழுக்க இற்றுப்போன கட்டைக்குத்தான் போகும். ஆகவே ஓட்டைப் பெயர்த்துத் திரும்பப் பதிப்பது, வேரை எடுப்பது, கட்டை மாற்றுவது என்று வேலைவாரியாகப் பிரித்த எஸ்டிமேட் இரண்டு பேரிடம் வாங்கி, போட்டோவோடு கடிதத்தில் இணைக்க வேண்டும். கோவையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் ஒழுகலைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களுக்கு அந்தப் போட்டோதான் சாட்சி.

இப்போது கணக்கு. கடை வாடகை வருஷத்துக்கு 60,000. அது கடைசி மகனின் பணம் இல்லை, எல்லோருடையதும். அதில் வரி 6,400 போக 53,600 மிச்சம். போன வருஷத்து மிச்சத்தை ரிப்பேருக்குப் போட்டால், 1,60,000இல் பாக்கி 1,06,400. நாலாகப் பிரித்தால் கால் பங்குக்கு 26,600 ரூபாய். அண்ணியும் மகளும் சேர்ந்து ஒரு கால் பங்கு. 1,60,000 என்று போனில் கேட்டபோது பின்வாங்கியவர்கள், 26,600 என்று காகிதத்தில் பார்க்கும்போது வேறு மாதிரி யோசிப்பார்கள். வரியை முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி உண்டு என்பதால், கட்டும் தேதியையும் கட்டுபவரையும் கடிதத்திலேயே குறித்துவிடலாம்.

அண்ணியால் இப்போது முடியாது என்றால்? அதற்கான வழியை அவர் கேட்பதற்கு முன்பே கடிதம் சொல்லிவிட வேண்டும்.

"அண்ணி, உங்கள் பங்கு 26,600 ரூபாயை இப்போதைக்கு நான் போட்டுக்கொள்கிறேன். வரி போக மிஞ்சும் வாடகையில் உங்களுக்கும் பாப்பாவுக்கும் வருஷத்துக்கு 13,400 வரும். இரண்டு வருஷத்தில் கணக்கு நேராகிவிடும். வட்டி வேண்டாம். நீங்கள் கையிலிருந்து எதுவும் தர வேண்டியதில்லை. இதைக் குறித்து ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்."

அந்த ஒரு வரிக் கையெழுத்துக்குக் காரணம் உண்டு. பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து மூன்று வருஷக் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். அந்த மூன்று வருஷத்துக்குள் பாக்கி காலாவதி ஆகாது. அண்ணி மனம் நோகாமல் இதை வாங்க இதைவிடச் சரியான நேரம் வராது.

எழுதுகிறவர் தாண்டக்கூடாத ஒரு கோடும் இருக்கிறது. "முன்பக்கம் எனக்கு, மாடி அண்ணனுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டோம்" என்கிற மாதிரி வாக்கியம் எதுவும் வரக்கூடாது. அசையாச் சொத்தில் புதிதாக உரிமை ஏற்படுத்தும் ஆவணம் என்றால் அதற்கு முத்திரைத் தாளும் பதிவும் வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு அதைச் சாட்சியமாகக் காட்டுவதே சிக்கலாகும். இது செலவுக் கடிதம். பாகம் பேச வேண்டுமானால் அதைத் தனியாக, வக்கீலை வைத்துக்கொண்டு பேசலாம்.

நாலு நகல் எடுத்து, கடைசியில் ஆளுக்கு ஒரு கையெழுத்து இடம் விட்டு, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். அண்ணனுக்கு மின்னஞ்சலிலும் அனுப்பலாம். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒழுகல் காத்திருக்காது. அதனால் கடிதத்தின் கடைசிப் பத்தி இப்படி முடியலாம்: "முப்பது நாளில் உங்கள் யோசனையைச் சொல்லுங்கள். அதற்குள் பதில் இல்லையென்றால், இணைத்திருக்கும் எஸ்டிமேட்டில் ஓடு, வேர், கட்டை ஆகிய மூன்று வேலையை மட்டும் மழைக்கு முன் முடித்து, பில்லை எல்லோருக்கும் அனுப்புகிறேன். டைல்ஸ் போன்ற வேறு எதையும் செய்ய மாட்டேன்." அப்படிச் செய்த அவசிய ரிப்பேரின் செலவை, பிறகு பாகப் பிரிவினை வழக்கு வந்தாலும், பில்லையும் போட்டோவையும் இந்தக் கடிதத்தின் நகலையும் வைத்துக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.