பதினாறு கண்ணுக்கு வராத தண்ணீர்

மேட்டூர் அணை நிரம்பும் ஆண்டுகளில் செய்தியில் ஒரு வரி தவறாமல் வரும்: மின் நிலையங்கள் வழியாக இவ்வளவு கன அடி, 16 கண் மதகு வழியாக இவ்வளவு கன அடி. அணையின் மின்சாரக் கணக்கு முழுவதும் இந்த இரண்டு வழிகளுக்கு இடையில்தான் இருக்கிறது. முதல் வழியில் போகும் தண்ணீர் மின்சாரம் தரும். இரண்டாவதில் போவது தராது.

அணையைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் தேங்கிய நீர், நடுவில் கீழே போகப் போகத் தடிக்கும் சுவர். மின் நிலையத்துக்கு நீர் எடுக்கும் வாய், நீர்மட்டத்துக்கு வெகு கீழே அந்தச் சுவரில் திறக்கிறது. அது மேற்பரப்பை ஒட்டி இருந்தால், மட்டம் சற்று இறங்கினாலே காற்றையும் சேர்த்து உறிஞ்சும். வாயின் முன்னால் கனமான இரும்புக் கம்பித் தடுப்பு உண்டு. ஆற்றில் வரும் மரக்கிளையும் ஆகாயத்தாமரையும் அதில் சிக்கும். தடுப்பின் இருபுறமும் நீர்மட்டம் வேறுபடத் தொடங்கினால் அடைப்பு சேர்ந்துவிட்டது என்று ஊழியர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

வாயிலிருந்து 'பென்ஸ்டாக்' எனப்படும் பெரிய எஃகுக் குழாய் சரிந்து இறங்குகிறது. குழாய் எப்போதும் நிறைந்தே இருக்கும். ஆகவே நீர் அதற்குள் அருவிபோல் விழுவதில்லை. மேலே உள்ள நீரின் மொத்த எடையும் அழுத்தமாகக் கீழே வந்து சேர்கிறது. அந்த அழுத்த நீர் சுற்றிவர அமைந்த இதழ்கள் வழியே டர்பைன் சக்கரத்துக்குள் சாய்வாகப் பாய்ந்து அதைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் தண்டிலேயே ஜெனரேட்டரின் காந்தங்களும் சுழல்கின்றன. சுற்றியுள்ள செம்புச் சுருள்களை அந்தக் காந்தப்புலம் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது. 24 காந்த முனைகள் உள்ள இயந்திரம் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றினால், நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். மின்தேவை ஏறி இறங்கும்போது இதழ்கள் திறந்து மூடி வேகத்தைக் காக்கின்றன. ஆனால் அவற்றைச் சட்டென்று மூடக்கூடாது. குழாய்க்குள் ஓடிவரும் அத்தனை தண்ணீரும் ஒரே கணத்தில் நின்றால், பிறக்கும் அழுத்த அடி எஃகையே பிளந்துவிடும்.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்பதை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எவ்வளவு நீர், எவ்வளவு உயரம். உயரம் என்பது அணை நீர்மட்டத்துக்கும் டர்பைனைக் கடந்து நீர் வெளியேறும் இடத்தின் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். இதை 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 20,000 கன அடி என்பது சுமார் 566 கன மீட்டர். உராய்விலும் இயந்திரத்திலும் போவதைக் கழித்தால் ஏறத்தாழ 195 மெகாவாட் கிடைக்கும். இன்னும் கிட்டத்தில் பார்த்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு டேங்கர் லாரி அளவு, அதாவது பத்தாயிரம் லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீர் இறங்கியாக வேண்டும். அதே நீரை உயரம் 20 மீட்டராகக் குறைந்திருக்கும்போது திறந்தால் பாதிதான் தேறும். அதனால்தான் மேட்டூரில் நீர்மட்டம் 120 அடியா, 60 அடியா என்பது டெல்டா விவசாயிக்கு மட்டுமல்ல, மின் நிலையத்துக்கும் பெரிய விஷயம்.

மேட்டூரில் அணை மின் நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட். இரண்டும் சேர்ந்து விழுங்கக்கூடியது சுமார் 22,000 கன அடிதான். 2024 வெள்ளத்தில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது, மிச்சம் அனைத்தும் உபரிநீர்ப் போக்கியான 16 கண் மதகு வழியே போனது. பாடநூல் படங்களில் உபரிநீர்ப் போக்கி அணைச்சுவரின் மேலேயே வரையப்பட்டிருக்கும். மேட்டூரிலோ அது முக்கிய அணையை விட்டுத் தள்ளி, இடப்பக்கத்துத் தாழ்வான மேட்டில் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே சீறி இறங்கும் நீரின் ஆற்றல் முழுவதும் பாறையிலும் நுரையிலும் கரைகிறது. இதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வழி இல்லையென்றால் வெள்ளம் அணைக்கு மேலேயே ஏறிவிடும். வெள்ளத்தில் கீழே ஆற்றின் மட்டமும் உயர்வதால், எந்த அணையிலும் விழும் உயரம் குறைந்து, மின்சாரம் சற்றுச் சரியவும் கூடும்.

இந்த மின்சாரத்துக்குச் சொந்த நேரமும் இல்லை. 1934இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்ட அணை இது. தண்ணீர் எப்போது வரும் என்பதைப் பயிர்தான் முடிவு செய்கிறது. வழக்கமாக ஜூன் 12இல் குறுவைக்குத் திறந்து, ஜனவரி 28இல் மூடுவார்கள். அதன்பின் குடிநீருக்கென்று விடும் ஆயிரம் கன அடியை வைத்து, அணை நிறைந்திருந்தால்கூட, 10 மெகாவாட்டுக்கு மேல் எடுப்பது கடினம்.