உங்கள் மின்னஞ்சல் இன்னும் எங்கெல்லாம் திறந்து கிடக்கிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் கணினிப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையும், அதனைத் தொடர்ந்த கேள்வி பதிலும்)

இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, நமது மின்னஞ்சல் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று பார்ப்பதும், நமக்குத் தெரியாததை மூடுவதும் ஆகும். நம்மில் பலர் பயன்படுத்துவது ஜிமெயில் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கிள்ளானில் விருந்துகளுக்கு உணவு தயாரித்துக் கொடுக்கும் ஓர் அம்மையார் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர். ஒரு நாள் அவரிடம் ஒரு வாடிக்கையாளர், "அக்கா, நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய புதிய வங்கிக் கணக்கு எண்ணுக்கே முன்பணம் 1,800 ரிங்கிட் கட்டிவிட்டேன்" என்றார். அம்மையாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எந்தப் புதிய எண்ணையும் அனுப்பவில்லை. ஆனால் அந்தக் கடிதம் அவருடைய சொந்த முகவரியிலிருந்தே போயிருந்தது.

"என் கடவுச்சொல் யாருக்கும் தெரியாதே, தம்பி!" என்று அவர் என்னிடம் கேட்டார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கடவுச்சொல் தெரியாமலேயே ஒருவர் உள்ளே இருக்க முடியும். அது எப்படி என்பதை முதலில் பார்ப்போம்.

கடவுச்சொல் வேறு, நுழைவுச் சீட்டு வேறு

நாம் ஒரு கணினியில் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போனவுடன், கூகல் அந்த உலாவியிடம் ஓர் அடையாளச் சீட்டைக் கொடுத்து வைக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் உலாவி அந்தச் சீட்டைக் காட்டுகிறதே தவிர, கடவுச்சொல்லை மீண்டும் கேட்பதில்லை. இப்படித் தொடரும் நுழைவைத்தான் அமர்வு என்கிறோம். கணினியை அணைத்தாலும், பக்கத்தை மூடினாலும் அமர்வு முடிவதில்லை. நாம் வெளியேறும் பொத்தானை அழுத்த வேண்டும், அல்லது வேறோர் இடத்திலிருந்து அதை முடித்து வைக்க வேண்டும்.

அந்த அம்மையார் சில மாதங்களுக்கு முன், வீட்டு அச்சுப்பொறி பழுதானதால், ஒரு நகல் எடுக்கும் கடையில் தம் மின்னஞ்சலைத் திறந்து விலைப்பட்டியல்களை அச்சிட்டார். பக்கத்தை மூடினாரே ஒழிய வெளியேறவில்லை. அடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்தவர் யாராக இருந்தாலும், ஜிமெயில் என்று தட்டினாலே அம்மையாரின் கடிதங்கள் கண்முன் வந்திருக்கும்.

பட்டியலை எங்கே பார்ப்பது?

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, வலப்பக்க மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தை அழுத்துங்கள். அங்கே Manage your Google Account என்று இருக்கும். அதனுள் Security என்று தொடங்கும் பகுதிக்குப் போய், Your devices என்ற கட்டத்தின் கீழே உள்ள Manage all devices என்பதை அழுத்த வேண்டும். கைத்தொலைபேசியிலும் இதே வழிதான். நேராகப் போக விரும்புவோர் myaccount.google.com/device-activity என்று தட்டலாம்.

இப்போது, தற்சமயம் உங்கள் கணக்கு திறந்திருக்கும் கருவிகளும், கடந்த சில வாரங்களில் திறந்திருந்த கருவிகளும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் கீழும் கருவியின் வகை, இடம், கடைசியாகப் பயன்பட்ட நேரம் ஆகியவை இருக்கும். வரியை அழுத்தினால் எந்த உலாவி என்பதும் தெரியவரும்.

பட்டியலைப் படிக்கும் முறை

அம்மையாரின் பட்டியலில் ஐந்து வரிகள் இருந்தன. முதலாவது அவருடைய கைத்தொலைபேசி. இரண்டாவது, அவர் தம் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்ட பழைய கைத்தொலைபேசி. மூன்றாவது பினாங்கில் ஒரு மடிக்கணினி. அதைக் கண்டு அவர் பதறினார். பிறகுதான், அங்கே படிக்கும் மகள் தீபாவளிக்கு வந்தபோது அவளுடைய மடிக்கணினியில் தாம் மின்னஞ்சல் பார்த்தது நினைவுக்கு வந்தது. அறிமுகமில்லாததாகத் தோன்றும் வரிகள் எல்லாமே திருட்டு அல்ல என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சிக்கல் நான்காவது, ஐந்தாவது வரிகளில்தான் இருந்தது. இரண்டிலும் Windows என்றே இருந்தது. இரண்டிலும் கோலாலம்பூர் என்றே இருந்தது. அவர் வீடோ கிள்ளானில்! இடத்தைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. இணைய எண்ணை வைத்துத் தோராயமாகத்தான் இடம் கணிக்கப்படுகிறது. ஆகவே கிள்ளான் வீட்டுக் கணினி கோலாலம்பூர் என்று காட்டப்படுவதில் வியப்பில்லை. அதே காரணத்தால், பட்டியலில் உங்கள் ஊரின் பெயர் இருப்பதாலேயே அது உங்கள் கருவி என்றும் சொல்லிவிட முடியாது.

பிறகு எப்படிப் பிரித்தறிவது? அம்மையாரை அவருடைய வீட்டுக் கணினியின் முன்னே அமர்ந்து பட்டியலைத் திறக்கச் சொன்னேன். நாம் எந்தக் கருவியிலிருந்து பார்க்கிறோமோ அதன் வரியில் Your current session என்ற குறிப்பு தெரியும். நான்காவது வரியில் அந்தக் குறிப்பு வந்தது. ஆக, அதுதான் வீட்டுக் கணினி. ஐந்தாவது வரியில் கடைசியாகப் பயன்பட்ட நேரம் முந்தின நாள் இரவு 10.40 என்றிருந்தது. அந்நேரம் அவர் ஒரு திருமண மண்டபத்தில் பரிமாறிக்கொண்டிருந்தார். வீட்டில் கணினி அணைந்திருந்தது. மேலும், ஐந்தாவது வரியில் உலாவி குரோம் என்றிருந்தது. அவர் வீட்டில் பயன்படுத்துவது ஃபயர்பாக்ஸ். எனவே அந்த ஒரு வரி மட்டும் அவருடையதல்ல என்பது உறுதியாயிற்று.

ஒரே கருவிக்கு இரண்டு மூன்று அமர்வுகள் தெரிவதும் உண்டு. ஒரே கணினியில் இரண்டு உலாவிகளில் நுழைந்திருந்தாலே அப்படி வரும். ஆகவே எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாமல் நேரத்தையும் உலாவியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூடும் போது வரிசை முக்கியம்

முதலில், அந்த வரியைத் திறந்து திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். காவல் துறையில் புகார் செய்ய நேர்ந்தால் நேரமும் இடமும் கையில் இருக்கும். மூடிய பிறகு அந்த விவரம் நீண்ட நாள் இருக்காது. அம்மையாரும் இப்படியே செய்தார்.

அடுத்து Sign out என்பதை அழுத்துங்கள். அந்தக் கருவியில் இருக்கும் சீட்டு செல்லாததாகிவிடும். இனி அங்கே கணக்கைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கும்.

மூன்றாவதாக, கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்த மனிதருக்குக் கடவுச்சொல்லும் தெரிந்திருந்தால், நீங்கள் வெளியே தள்ளிய மறுநிமிடமே மீண்டும் நுழைவார். கடைக் கணினியின் உலாவி கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருக்கவும் கூடும். "அப்படியானால் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். மாற்றினால் பெரும்பாலான கருவிகளிலிருந்து கணக்கு வெளியேறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் எல்லாவற்றிலிருந்தும் அல்ல. நுழைவது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்தப் பயன்படும் கருவிகளும், நீங்கள் அனுமதி கொடுத்த வேறு செயலிகள் உள்ள சில கருவிகளும் அப்படியே இருக்கும். ஆகவே மாற்றிய பின் பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆள் போனாலும் ஏற்பாடு இருக்கும்

இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அமர்வை முடித்தால் ஆள் வெளியே போய்விடுகிறார். ஆனால் அவர் உள்ளே செய்து வைத்த ஏற்பாடு போவதில்லை.

வாடிக்கையாளர், "இந்த எண் சரிதானா அக்கா?" என்று மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார். அந்தக் கடிதம் அம்மையாரின் கண்ணில் படவே இல்லை. ஏன்? ஜிமெயிலில் பல்சக்கரப் படத்தை அழுத்தி See all settings என்பதற்குள் போய், Filters and Blocked Addresses என்ற பகுதியைத் திறந்தோம். அந்த வாடிக்கையாளரின் முகவரியிலிருந்து வரும் கடிதங்களை உடனே அழித்துவிடும்படி ஒரு வடிகட்டி அங்கே போடப்பட்டிருந்தது. அதை நீக்காமல் விட்டிருந்தால், கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கடிதங்கள் மறைந்துகொண்டேதான் இருக்கும்.

அதற்கு அடுத்துள்ள Forwarding and POP/IMAP பகுதியில், வரும் கடிதங்களின் நகல் வேறு முகவரிக்குப் போகிறதா என்று பாருங்கள். இவ்விரண்டையும் கணினியில் பார்ப்பதே சரி. ஜிமெயில் கைத்தொலைபேசிச் செயலியில் இந்தப் பகுதிகள் இல்லை. இறுதியாக, கணக்கை மீட்பதற்கான தொலைபேசி எண்ணும் மாற்று முகவரியும் உங்களுடையவைதானா என்று Security பகுதியில் சரிபாருங்கள். அங்கே வேறொருவரின் எண் இருந்தால், கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகச் சொல்லி அவர் கணக்கையே கைப்பற்றக்கூடும்.

கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஜிமெயில் பக்கத்தின் அடியில் Details என்று சிறியதாக ஒன்று இருக்கிறது. அதுவும் இதேதானா?

பதில்: இல்லை அம்மா. அதுவும் பயனுள்ளதுதான், ஆனால் வேலை வேறு. அண்மைக் காலத்தில் உங்கள் கடிதப்பெட்டி எந்த இணைய எண்ணிலிருந்து, எந்த வழியில் திறக்கப்பட்டது என்று அது காட்டும். அங்குள்ள பொத்தான் Sign out all other Gmail web sessions. அதன் பெயரே சொல்வதுபோல், உலாவிகளில் திறந்துள்ள அமர்வுகளை மட்டுமே அது மூடும். கைத்தொலைபேசிச் செயலிகளுக்கு நான் முதலில் சொன்ன பட்டியலுக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: மூடிவிட்டோம், கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டோம். மீண்டும் அதே போன்ற வரி தோன்றினால்?

பதில்: அப்படியானால் உங்கள் சொந்தக் கணினியையே சந்தேகிக்க வேண்டும், ஐயா. உலாவியில் உள்ள சீட்டைத் திருடி அனுப்பும் தீய மென்பொருள்கள் உள்ளன. அது இருக்கும்வரை, நீங்கள் ஒவ்வொரு முறை நுழையும்போதும் புதிய சீட்டு திருடப்படும். அக்கணினியைத் தொடாமல், வேறு நம்பகமான கருவியிலிருந்து எல்லா அமர்வுகளையும் முடித்துக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கணினியைச் சுத்தம் செய்த பிறகே அதில் மீண்டும் நுழையுங்கள்.

அந்த அம்மையாரின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். பணம் கட்டி மூன்று நாள் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டுவிட்டது. இத்தகைய மோசடியில் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். மலேசியாவில் உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். யார் செய்தார் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை, அது சொல்லவும் சொல்லாது. கருவியையும் நேரத்தையும் மட்டுமே அது காட்டும். ஏற்கெனவே படிக்கப்பட்ட கடிதங்களைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

அந்தக் குடும்பத்தின் விருந்தை அம்மையார் தம் கைக்காசைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார். "அவர்கள் என் பெயரை நம்பித்தானே பணம் கட்டினார்கள்" என்றார். இப்போது ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கணக்குப் புத்தகத்தை எழுதி முடித்த கையோடு அந்தப் பட்டியலையும் திறந்து பார்க்கிறார். தம்பி மகனிடம் இருந்த பழைய கைத்தொலைபேசியிலிருந்தும் தம் கணக்கை அன்றே வெளியேற்றிவிட்டார்.