மன்னிப்புக் கடிதம் யாருக்கு?

ஒரு மாணவன் சக மாணவனை மாதக்கணக்கில் கேலி செய்து வதைத்தது தெரியவந்தால், நம் பள்ளிகள் பலவற்றில் அடுத்து நடப்பதை ஊகித்துவிடலாம். தலைமையாசிரியர் அறைக்கு அழைப்பு வரும், பெற்றோருக்குத் தகவல் போகும், கடைசியில் ஒரு வெள்ளைத்தாள் நீட்டப்படும். அனுப்புநர், பெறுநர், ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கும் கடிதம், ‘நான் செய்தது தவறு, இனி இதுபோல் நடக்காது, இந்த ஒருமுறை மன்னிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடியும். அப்பா கையெழுத்துப் போட்டதும் அது கோப்புக்குள் போய்விடும். யாரை வதைத்தான், என்ன செய்தான் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. தாமதமாக வந்ததற்கும், ஜன்னல் கண்ணாடியை உடைத்ததற்கும் இதே கடிதத்தைக் கொடுக்கலாம். வதைபட்ட பிள்ளை இதைப் பார்க்கப்போவதும் இல்லை. மன்னிப்புக் கடிதத்தால் பயன் வேண்டுமானால் அது வதைபட்டவருக்கு எழுதப்பட வேண்டும். செய்தவருக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள் அதில் இருக்க வேண்டும்.

விவரம் ஏன் இவ்வளவு முக்கியம்? பள்ளி வன்கொடுமை பற்றிய ஆய்வுக்கு அடித்தளமிட்ட நார்வே உளவியலாளர் டான் ஓல்வியஸ் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. இதில் இரண்டாவதுதான் விசாரணையில் நழுவிப்போகிறது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும்: ஒரு பட்டப்பெயர், ஒரு சிரிப்பு, ஒளித்துவைத்த ஒரு சாப்பாட்டு டப்பா. ‘விளையாட்டுக்குத்தான் சார்’ என்ற பதில் எல்லாவற்றுக்கும் எடுபடும். நாளடைவில், நாம்தான் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறோமோ என்று வதைபட்ட பிள்ளையே நினைக்கத் தொடங்கும். அந்தச் சந்தேகத்தை ஆசிரியரின் ஆறுதல் முழுதாகத் தீர்க்காது. அது விளையாட்டில்லை என்று செய்தவனே எழுதித் தருவதற்கு வேறு எதுவும் ஈடாகாது.

2016இல் ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் மன்னிப்பின் ஆறு கூறுகளைப் பிரித்து, எது எவ்வளவு எடுபடுகிறது என்று பார்த்தார்கள். பொறுப்பை ஏற்பது முதலிடம் பெற்றது. பாதிப்பைச் சரிசெய்ய முன்வருவது அடுத்தது. மன்னிக்கும்படி கேட்பது கடைசி. அவர்கள் கேட்டது பெரியவர்களிடம், அதுவும் வேலை சார்ந்த ஒரு கற்பனைச் சூழலை வைத்து. ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நம் வழக்கமான கடிதம் எந்தக் கூறின் மேல் நிற்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது: கடைசி இடத்தில் இருப்பதன் மேல்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவனுக்குத் திக்குவாய். அவன் பாடம் வாசிக்க எழும்போதெல்லாம் பின்வரிசை மாணவன் ஒருவன் அதேபோல் திக்கிக் காட்டுகிறான். ஒருநாள் அதைப் பதிவு செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுகிறான். அவன் எழுத வேண்டிய கடிதம் இப்படி இருக்கலாம்: ‘ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து, தமிழ் வகுப்பில் நீ வாசிக்கும்போது நான் உன்னைப்போல் திக்கிக் காட்டினேன். முதல் தடவை மற்றவர்கள் சிரித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, அதனால் தொடர்ந்து செய்தேன். நீ வாசிக்கும்போது செல்போனில் பதிவு செய்து குழுவில் போட்டதும் நான்தான். நீ அழுதது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த நாள் மறுபடி செய்தேன். டீச்சர் கேட்டபோது நீயும் சேர்ந்து சிரித்தாய் என்று பொய் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. அதன்பிறகு நீ வாசிக்கக் கை தூக்குவதே இல்லை. அதற்குக் காரணம் நான். பதிவை அழித்துவிட்டேன். நான் செய்தது தப்பு என்று அதே குழுவில் உன் பெயர் சொல்லாமல் எழுதத் தயார்; நீ வேண்டாம் என்றால் எழுத மாட்டேன். நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.’

இந்தக் கடிதத்தின் உயிர் ‘நீ சிரிக்கவில்லை’ என்ற இடத்தில் இருக்கிறது. விசாரணையில் வதைபட்டவனின் சொல்லுக்கு எதிராக நின்ற பொய்யை, சொன்னவனே திரும்பப் பெறுகிறான். ‘உன் மனம் புண்பட்டிருந்தால்’ என்று இழுக்கவில்லை. புண்பட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறான். வீட்டில் தனக்கு இருக்கும் கஷ்டத்தைச் சொல்லி அனுதாபம் தேடவில்லை. அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் ஆலோசகரின் அறை. மன்னிப்பையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மன்னிக்கும் பாரம் அடுத்தவன் தலையில் ஏறியிருக்கும்.

கட்டாயப்படுத்தி வாங்கும் கடிதத்தில் உண்மை எப்படி இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மனதிலிருந்து வரும் மன்னிப்புக்கும் கட்டாயத்தின் பேரில் கேட்கும் மன்னிப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு பிள்ளைகளே பிரித்தறிகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பள்ளி வருத்தத்தைக் கட்டாயமாக்கக் கூடாது. கட்டாயமாக்கக்கூடியது நடந்ததை நடந்தபடி எழுதுவதை மட்டுமே. முதல் நாள் எழுதுவது பெரும்பாலும் மூன்று வரிதான் இருக்கும். ‘அப்புறம் என்ன செய்தாய், அப்போது அவன் முகம் எப்படி இருந்தது’ என்று ஆசிரியரோ ஆலோசகரோ கேட்டு, சில நாள் விட்டு மறுபடி எழுதச் சொல்ல வேண்டும். வாசகத்தை அவர்கள் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அப்படியும் வருத்தம் வராவிட்டால் அந்தத் தாள் விசாரணைக் குறிப்பாக இருக்கட்டும்; மன்னிப்பு என்று பெயரிட்டு வதைபட்டவன் கையில் கொடுக்க வேண்டாம். வருத்தம் வந்தாலும், கடிதத்தைப் பெறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவன் வதைபட்டவனே. இருவரையும் கைகுலுக்க வைத்து ‘இனி நண்பர்கள்’ என்று அறிவிப்பது இன்னொரு வதை.

கடுமையான கொடுமைகளைக் கடிதம் எழுதி மூடிவிடுவார்களே என்ற அச்சம் இதைவிடக் கனமானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதிய வெறுப்போடு தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன தலித் மாணவன் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். அவன் தங்கையும் வெட்டுப்பட்டாள். புகார் சொன்னவரின் பாதுகாப்புதான் முதல் வேலை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. சாதி வன்கொடுமையும் உடல் காயமும் சட்டத்தின் வழியில் போக வேண்டியவை. பாலியல் குற்றமென்றால் தெரிந்தவுடன் புகார் அளிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம். பள்ளிக்குள் பேசித் தீர்க்கும் உரிமை எந்தத் தலைமையாசிரியருக்கும் இல்லை. மன்னிப்புக் கடிதம் இவற்றுக்குக் கீழே உள்ள, அன்றாடம் நடக்கும் வதைகளுக்கானது. அங்கும் அது மற்ற நடவடிக்கைக்கு மாற்று ஆகாது.

இவ்வளவு விவரமாக எழுத வைப்பது அந்த மாணவனை அவமானப்படுத்துவதாகாதா? அது கடிதத்தைப் பள்ளி என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் படிக்க வைத்தால் அது மனரீதியான துன்புறுத்தல். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. கடிதத்தை எழுதியவன், பெறுபவன், பெற்றோர், பொறுப்பான ஆசிரியர், ஆலோசகர் தவிர வேறு யாரும் பார்க்கத் தேவையில்லை. அந்த ஆசிரியருக்குக் கடிதம் ஒரு வேலைப்பட்டியலும் ஆகும். குழுவில் பதிவு அழிந்ததா, தமிழ் வகுப்பில் திக்கிக் காட்டுவது நின்றதா, கூடச் சிரித்தவர்கள் வேறு வழியில் தொடங்கிவிட்டார்களா என்று ஒரு மாதம் கழித்து அவர் பார்க்கலாம். ‘இனி இதுபோல் நடக்காது’ என்ற கடிதத்தை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. ‘இதுபோல்’ என்றால் எதுபோல் என்றே அதில் எழுதியிருக்காது.