யார், யாருக்கு, எதற்கு, எப்படி?

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறை. எட்டு வருடமாகச் சரக்கு வாங்கும் ஒரு கம்பெனியிடமிருந்து பணம் வரவில்லை. ஜூன் 2-ம் தேதி போட்ட பில், தொகை 1,86,400 ரூபாய், தவணை 30 நாள். இன்று ஜூலை 24. கெடு முடிந்து 22 நாள் ஆகிவிட்டது. கணக்குப் பிரிவில் இருப்பவர் சாட்பாட்டைத் திறந்து, ‘பணம் வரவில்லை, நினைவூட்டல் கடிதம் எழுது’ என்று கேட்கிறார்.

வரும் கடிதத்தில் பிழை இருக்காது, ஆனால் அனுப்பவும் முடியாது. ‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மா’ என்று தொடங்கி, நலம் விசாரித்து, கடைசியில் ‘தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்க நேரிடும்’ என்று முடியும். நாம் சொல்லாமல் விட்ட இடங்களை, இத்தகைய கடிதங்களில் வழக்கமாக என்ன இருக்குமோ அதைக் கொண்டு சாட்பாட் நிரப்பிவிடுகிறது. எட்டு வருட உறவு அதற்குத் தெரியாது. ஆகவே முதல் கோரிக்கையிலேயே நான்கு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்: யாராக இருந்து எழுதுவது, யார் படிப்பது, எதற்காக, எந்த வடிவில்.

இந்த நான்கில் அதிகம் பேர் கோட்டைவிடுவது மூன்றாவதில்தான். ‘நினைவூட்டுவது’ நோக்கமல்ல. படித்து முடித்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதே நோக்கம். இங்கே கடிதத்தைப் படிக்கப்போகும் பர்ச்சேஸ் மேனேஜர் கையில் காசோலை இல்லை, பணத்தை விடுவிப்பது அவர்களுடைய கணக்குப் பிரிவு. அவரால் முடிந்தது, கேட்டுவிட்டு ஒரு தேதி சொல்வது. அந்தத் தேதியைத்தான் கடிதம் கேட்க வேண்டும். இது தெளிவானதும் மற்றவை தாமாக அமைகின்றன. கோரிக்கை இப்படி இருக்கலாம்:

> கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறையின் கணக்காளராக இருந்து எழுது. படிப்பவர், எட்டு வருடமாக எங்களிடம் வாங்கும் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர். பழக்கமானவர், ஆனால் பணம் தருவது அவர் கையில் இல்லை. படித்ததும் அவர் தம் கணக்குப் பிரிவில் விசாரித்து, எந்தத் தேதியில் பணம் வரும் என்று ஜூலை 28-க்குள் பதில் எழுத வேண்டும். விவரம்: பில் தேதி ஜூன் 2, தொகை ரூ.1,86,400, கெடு ஜூலை 2. தமிழில் மின்னஞ்சல்; தலைப்பு வரி ஒன்று, உடல் 80 சொல்லுக்குள். மரியாதை குறையக் கூடாது. சட்டம், வட்டி பற்றிப் பேச வேண்டாம். நான் தராத விவரம் எதையும் சேர்க்காதே; தேவைப்பட்டால் அந்த இடத்தைக் காலியாக விடு.

கடைசி வரிகளைக் கவனியுங்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை முதல் கடிதத்திலேயே எடுத்துப் போட்டால் உறவு கசக்கும். எப்போது எடுப்பது என்பது முதலாளியின் முடிவு. அதைச் சாட்பாட்டிடம் விடக் கூடாது. ‘தராத விவரம் வேண்டாம்’ என்று சொல்லாவிட்டால், நடக்காத ஒரு தொலைபேசிப் பேச்சைக்கூட அது நடந்ததாக எழுதிவிடலாம்.

வந்த வரைவு சரியில்லை என்றால், குறையே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். தொனி விறைப்பாக இருந்தால், படிப்பவர் யார் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை. படித்தபின் ‘சரி, நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று தோன்றினால், நோக்கம் விடுபட்டிருக்கிறது. வளவளவென்று இருந்தால் வடிவம் சொல்லப்படவில்லை. குறையுள்ள அந்தப் பகுதியை மட்டும் திருத்தி, புதிய உரையாடலில் முழுக் கோரிக்கையையும் மறுபடி போடுவது நல்லது. பழைய உரையாடலிலேயே ‘இன்னும் கொஞ்சம் மென்மையாக’ என்று இழுத்துக்கொண்டே போனால், முதல் வரைவின் சாயல் விடாமல் தொடரும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ‘நீ இருபது வருட அனுபவமுள்ள வரி ஆலோசகர்’ என்று சொன்னால் நடையும் கவனமும் அந்தப் பக்கம் திரும்பும். சொல்லும் வரி விகிதம் சரியாக இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. 80 சொல் கேட்டால் 95 வரலாம். பாதுகாப்புக்காக, வங்கிக் கணக்கு எண்ணையும் வாடிக்கையாளரின் பெயரையும் கோரிக்கையில் தராமல், வரைவு வந்தபின் நீங்களே நிரப்புங்கள்.

அனுப்பும் முன் தொகையையும் தேதிகளையும் லெட்ஜரோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். வரைவை யார் எழுதினாலும், கீழே கையெழுத்து உங்களுடையது.