மாவிலைக்கு எத்தனை பச்சை?

நான்காம் வகுப்புக்கான இந்த ஓவியப் பாடத்தில் பச்சை வண்ணப் புட்டியே கிடையாது. மஞ்சள், நீலம், சிவப்பு ஆகிய மூன்று போஸ்டர் கலர்கள் மட்டும் தரப்படும். ஒவ்வொரு குழந்தையின் முன்னும் ஒரு மாவிலை இருக்கும். அந்த இலையின் நிறத்தைத் தானே கலந்து கண்டுபிடிப்பதுதான் வேலை. இரண்டு பாடவேளை, அதாவது 80 நிமிடம் தேவைப்படும்.

முதல் கால் மணி நேரம் யாரும் தூரிகையைத் தொடுவதில்லை. வெள்ளைத் தாளில் பட்டாணி அளவு துளை போட்டு, அதை இலைமேல் நகர்த்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். இலை முழுதாகத் தெரிந்தால் 'பச்சை' என்று மனம் முடிவு கட்டிவிடும். துளை வழியே பார்க்கும்போது அந்த இடத்தின் நிறம் மட்டும் தெரியும். நடு நரம்பு வெளிர்மஞ்சள், அடிப்புறம் மேற்புறத்தைவிட வெளிறல், வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் இடம் ஏறக்குறைய வெள்ளை. கொழுந்து இலை கிடைத்தால் அது செம்பு நிறத்தில் இருக்கும். அதற்குப் பச்சையே வேண்டியிராது.

கலக்கும்போது மஞ்சளில் தொடங்க வேண்டும். அதில் தூரிகை நுனியால் நீலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். நீலத்தில் தொடங்கும் குழந்தைக்கு அந்தக் கருமையை வெளுக்கவே மஞ்சள் தீர்ந்துபோகும். இப்படிக் கிடைக்கும் பச்சை பெரும்பாலும் பிளாஸ்டிக் பொம்மை போலப் பளிச்சென்று இருக்கும். முற்றிய மாவிலை அப்படி இருப்பதில்லை. இங்கேதான் சிவப்பு உதவுகிறது: பச்சைக்கு எதிர் நிறமாகையால் ஊசிமுனை அளவு சேர்த்தாலே பளபளப்பு அடங்கி இலைப்பச்சை வந்துவிடும். கொஞ்சம் கூடினால் மண்ணிறம். அப்போது இன்னும் சிவப்போ நீலமோ ஊற்றாமல், அந்தக் கலவையில் ஒரு துளியை மட்டும் எடுத்துப் புது மஞ்சளில் தொடங்குவது நல்லது. குவளைத் தண்ணீர் அழுக்கானாலும் இதே மண்ணிறம் எட்டிப் பார்க்கும். அதனால் தூரிகை கழுவ ஒரு குவளை, கலக்க ஒரு குவளை.

ஒவ்வொரு கலவையையும் ஒரு தாள் துண்டில் தீற்றி, எதை எவ்வளவு சேர்த்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும். போஸ்டர் கலர் காய்ந்ததும் நிறம் சற்று மாறும். ஈரத்தில் ஒப்பிட்டால் ஏமாற்றும். காய்ந்த துண்டை இலையோடு ஒட்டிவைத்து, பொருந்தியதைக் கொண்டே படம் தீட்டப்படும்.

கடைசி 20 நிமிடம் காட்சி உலா. ஓவியங்கள் பெயரில்லாமல், சோதனைத் துண்டுகளுடன் சுவரில் இருக்கும். இலைகள் ஒரு மேசையில் கலந்து கிடக்கும். குழந்தைகள் இருவர் இருவராக ஓர் இலையை எடுத்து, பேசாமல் சுற்றிவந்து, அதற்குரிய படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு எதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்று சொல்ல வேண்டும். 'நல்லா இருக்கு' என்பது விடையாகாது. 'நரம்பு மஞ்சளாக இருக்கிறது', 'ஓரம் காய்ந்திருக்கிறது' என்பவை விடை. தவறான படத்தின் முன் போய் நிற்பவரிடம் இரண்டு பச்சைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தொடங்கினால் இந்த உலா வெறும் வரிசை நடையாகிவிடும். நேரம் போதாவிட்டால் மறுநாளுக்குத் தள்ளிவைப்பதே மேல்.