ஒன்பது கேள்வி, ஒரே மின்னஞ்சல்: கிளைம் கடிதத்துக்குப் பதில் எழுதும் முறை

“எல்லாத்தையும்தான் அனுப்பிட்டேனே சார், திரும்பத் திரும்ப அதையே கேக்கிறாங்க.” மருத்துவக் காப்பீட்டுப் பணம் வராமல் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். உடனே நான் கேட்பது ஒன்றுதான்: “அவங்க கேட்ட மெயிலையும் நீங்க போட்ட பதிலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க.” காட்டியதும் பெரும்பாலும் விஷயம் விளங்கிவிடும்.

கடைசியாக வந்தவருடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். கேஷ்லெஸ் வசதி இல்லாத மருத்துவமனை. மகன் கையிலிருந்து கட்டிவிட்டு, திரும்பப் பெற விண்ணப்பித்திருந்தார். நிறுவனத்தின் சார்பில் டிபிஏவிடமிருந்து ஒரு மின்னஞ்சல். 15 நாள் கெடு, கேள்விகள் ஒன்பது:

1. கேஸ் ஷீட் முழு நகல், மருத்துவமனை சீலுடன்
2. சர்க்கரை நோய் எப்போதிலிருந்து என்று சிகிச்சை தந்த டாக்டரின் சான்று
3. உள்ளே வைத்த இம்ப்ளான்ட்டின் பில்லும் ஸ்டிக்கரும்
4. விழுந்தது எப்படி என்று கடிதமும், ஏஆர் காப்பியும்
5. இறுதி பில்லின் விவரப் பட்டியலும், பணம் கட்டிய ரசீதுகளும்
6. மருந்து பில்களும் அவற்றுக்கான சீட்டுகளும்
7. பெயர் அச்சிட்ட கேன்சல் செக்
8. பான் அட்டை நகல்
9. முந்தைய ஆண்டுகளின் பாலிசி நகல்கள்

அன்றிரவே அவர் பதில் போட்டிருக்கிறார். அந்தக் கடிதத்துக்குப் பதிலாக அல்ல, புதிதாக ஒரு மின்னஞ்சல். கிளைம் எண் கிடையாது. “இணைப்பைப் பார்க்கவும்” என்று ஒரு வரி. செல்போனில் எடுத்த ஐந்து படங்கள், எல்லாம் IMG என்று தொடங்கும் பெயரில். விழுந்தது பற்றிய கடிதம், பில் பட்டியல், மருந்து பில்கள், செக், பான் அட்டை. ரசீது இல்லை, மருந்துச் சீட்டு இல்லை, ஏஆர் காப்பி இல்லை. ஐந்து கேள்விக்குப் பதில் சொன்னதாக அவர் நினைத்திருக்கிறார். முழுதாகச் சொன்னது 7, 8 இரண்டுக்கு மட்டும். 1, 2, 3, 9 பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு படமாகத் திறந்து எந்த எண்ணுக்கு உரியது என்று தேடிப் பொருத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய பட்டியலையே நினைவூட்டலாக அனுப்பிவிடுவார். இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு, “ஆவணங்கள் வராததால் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது” என்று ஒரு கடிதம் வரும். இவருக்கும் வந்தது.

முதலில் பிரியுங்கள்

ஒரு தாளில் ஒன்பதையும் எழுதுங்கள். “உம்” வரும் இடத்தில் எல்லாம் வெட்டுங்கள். பில்லும் ஸ்டிக்கரும் என்றால் இரண்டு வேலை; பட்டியலும் ரசீதும் என்றால் இரண்டு. மேலே உள்ள ஒன்பது, இப்படி வெட்டினால் பதிமூன்றாகும். முக்கால்வாசிப் பேர் தவறுவது இந்த “உம்”மில்தான். பாதியைக் கொடுத்துவிட்டு முழுதாகக் கொடுத்த நிம்மதியில் இருக்கிறார்கள். டிபிஏ கொடுத்த எண்ணை மாற்றாதீர்கள். 3அ, 3ஆ என்று பிரித்துக்கொண்டால் போதும்.

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். “மருத்துவமனை” என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. கேஸ் ஷீட்டும் ஏஆர் காப்பியும் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கேட்க வேண்டியவை. சர்க்கரை பற்றிய சான்று அறுவை செய்த டாக்டர் கையெழுத்துப் போட வேண்டியது. ஸ்டிக்கர் பெரும்பாலும் கேஸ் ஷீட்டிலேயே ஒட்டியிருக்கும். இம்ப்ளான்ட் பில்லைத் தருவது பில்லிங் பிரிவு அல்லது கொள்முதல் பிரிவு. ரசீதும் மருந்துச் சீட்டும் உங்கள் வீட்டு ஃபைலிலேயே இருக்கலாம். இதைப் பிரிக்காமல் போகிறவர்கள் ரிசப்ஷனில் நின்று “இன்ஷூரன்ஸ் பேப்பர் வேணும்” என்கிறார்கள். நாளைக்கு வாங்க என்ற பதிலோடு திரும்புகிறார்கள். மூன்று நாள் போய்விடும்.

ஒன்பதாவது கேள்வியைக் கவனியுங்கள். அதே நிறுவனத்தில் தொடர்ந்து புதுப்பித்த பாலிசி என்றால் அந்த நகல் அவர்களிடமே இருக்கிறது. பாலிசி எண்களை வரிசையாக எழுதி, “இவை தங்கள் பதிவில் உள்ளவை” என்று சொல்லலாம். வேறு நிறுவனத்திலிருந்து மாறியவர்கள் மட்டும் பழைய நகலைத் தேடிக் கொடுக்க வேண்டும். இதை அலட்சியமாக விடாதீர்கள். ஐஆர்டிஏஐயின் 2024 விதிகளின்படி, தொடர்ச்சியாக 60 மாதம் பாலிசி நடந்திருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, பழைய நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தால் கோரிக்கையை மறுக்க முடியாது. இரண்டாவது கேள்வி ஏன் கேட்கப்படுகிறது என்பதும் இதில்தான் தெரியும்.

அவசரம் என்றால் எது?

சுலபமானதை முதலில் முடிப்பது மனித இயல்பு. செக்கைக் கிழித்துக் கோடு போட ஐந்து நிமிடம். அதைக் கெடுவின் கடைசி நாளிலும் செய்யலாம். பிறர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான் அவசரம். இந்தக் கிளைமில் முதலிடம் இரண்டாவது கேள்விக்கு. அந்த அறுவை மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். ஒரு முறை தவறினால் நான்கு நாள் போகும். அடுத்தது கேஸ் ஷீட், பிறகு இம்ப்ளான்ட் பில், ஏஆர் காப்பி. வீட்டில் இருப்பவை கடைசி.

கேஸ் ஷீட்டுக்கு வாய்மொழியாகக் கேட்காதீர்கள். ஒரு கடிதம் எழுதுங்கள்: நோயாளி பெயர், ஐபி எண், சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி, எந்தெந்த ஆவணம் வேண்டும். நோயாளியின் கையெழுத்து, வேறு ஒருவர் வாங்கப்போவதானால் அவருக்கு அனுமதி என்று ஒரு வரி. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியுடன் சீல் வாங்குங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 1.3.2 இதற்காகவே இருக்கிறது: நோயாளி கேட்டால் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை தர வேண்டும், 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தையும் தர வேண்டும். “அதெல்லாம் வெளியே தர மாட்டோம்” என்பார்கள். விதி எண்ணைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் அந்தப் பேச்சு பெரும்பாலும் அடங்கும். சீல் வாங்காமல் வராதீர்கள். சீல் இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

டாக்டர் சான்றை வாங்கியதும் அங்கேயே படியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் சர்க்கரை 5 வருடம் என்றும் சான்றில் 10 வருடம் என்றும் இருந்தால் கிளைம் அங்கேயே சிக்கும். யாரோ ஒரு பயிற்சி மருத்துவர் அட்மிஷனில் குத்துமதிப்பாக எழுதியிருப்பார். பழைய சீட்டுகளைக் காட்டி, எது சரியோ அதைத் தனி விளக்கக் கடிதமாகக் கேளுங்கள். சம்மரியில் அடித்துத் திருத்த விடாதீர்கள். இல்லாததை எழுதச் சொல்லவும் வேண்டாம். அது மோசடி, பாலிசியே போய்விடும்.

ஏஆர் போடப்படவில்லை என்றால், விபத்துப் பதிவு செய்யப்படவில்லை என்று மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் ஒரு வரி போதும். அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

பதிலை எப்படி எழுதுவது

எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இதைத் திரும்பச் சொல்கிறேன்: காத்திருக்காதீர்கள். முதல் பதில் இரண்டு நாளுக்குள் போக வேண்டும். அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். தலைப்பில் கிளைம் எண் இருக்கட்டும். ஒரு கேள்விக்கு ஒரு பிடிஎஃப் கோப்பு, பெயர் 7_cheque.pdf என்பதுபோல அவர்களுடைய எண்ணிலேயே தொடங்கட்டும். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பு போகாது. பெரிதானால் இரண்டாகப் பிரித்து, “பகுதி 1, 2” என்று எழுதுங்கள்.

கடிதம் இந்த வரிசையில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுவே.

“கிளைம் எண் … தொடர்பான தங்கள் 6ஆம் தேதிக் கடிதத்துக்குப் பதில். ஒன்பது கேள்விகளில் நான்குக்கு இன்று முழுப் பதிலும், ஒன்றுக்குப் பாதியும் தருகிறோம். மூன்று முழுதாகவும் ஒன்றின் மீதியும் மருத்துவமனையில் கேட்கப்பட்டுள்ளன. ஒன்று தங்கள் பதிவில் உள்ளது.

மருத்துவமனையிடம்: கேள்வி 1, 3, 4ஆ. 7ஆம் தேதி கடிதம் கொடுத்தோம், ஒப்புகை இணைப்பில். 11ஆம் தேதிக்குள் அனுப்புகிறோம். கேள்வி 2: டாக்டர் 13ஆம் தேதி வருகிறார், 14ஆம் தேதி அனுப்புகிறோம்.

தங்களிடம்: கேள்வி 9. பாலிசி எண்கள் …

இன்று இணைத்தவை: 4அ, 5அ, 5ஆ, 6அ, 6ஆ, 7, 8.

ஏதேனும் குறை இருந்தால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதவும். 14ஆம் தேதி வரை கோரிக்கையைத் திறந்து வைக்கவும்.”

நிலுவையை மேலே போட்டதற்குக் காரணம் உண்டு. கொடுத்ததை முதலில் எழுதினால் படிப்பவர் கீழே வருவதற்குள் நிறுத்திவிடுவார். சொன்ன தேதியில் அதே தொடரில் அடுத்த பதிலைப் போடுங்கள். மருத்துவமனை தாமதித்தால் தாமதம் என்றே எழுதி, புதுத் தேதி கொடுங்கள். மௌனம் மட்டும் கூடாது. கிளைம் தீர்வுக்கான ஆவணங்களைக் காப்பீட்டு நிறுவனமும் டிபிஏவுமே மருத்துவமனையிடம் பெற வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, கேஸ் ஷீட்டை நேரடியாகவும் பெறுமாறு ஒரு வரி சேருங்கள். ஆனால் அதை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். சுற்றறிக்கை வந்த வேகத்தில் பழக்கம் மாறுவதில்லை.

அப்படியும் மூடினால்

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள், டிபிஏவுக்கு அல்ல. அதோடு bimabharosa.irdai.gov.in தளத்தில் பதிவு செய்யலாம், 155255 எண்ணிலும் சொல்லலாம். 30 நாளில் பதில் வரவில்லை அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் உள்ள ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, நீங்களே பேசலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும்.

அங்கே வரும் முதல் சந்தேகமே “எந்த ஆவணத்தை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்” என்பதுதான். இடுப்பெலும்பு முறிந்தவரின் மகன் அந்த அளவுக்குப் போக வேண்டி வரவில்லை. மேலே உள்ள முறையில் எழுதி, சீல் போட்ட கடிதத்தை இணைத்து, குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்பினார். கிளைம் மறுபடி திறந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி வந்தது: “3ஆ தெளிவாக இல்லை, ஸ்டிக்கரை மீண்டும் ஸ்கேன் செய்து அனுப்பவும்.”