வழியில் கரையும் உறக்கம்

மட்டாஞ்சேரியில் குடியிருந்து காக்கநாட்டிலுள்ள அலுவலகத்திற்குச் சென்றுவரும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். தோப்பும்படி, குண்டனூர், வைட்டிலா வழியாகச் செல்லும் அப்பயணம் நல்ல நாளில் 1 மணி 10 நிமிடத்தில் முடிகிறது. நெரிசல் மிகுந்த நாளில் 1 மணி 50 நிமிடம் பிடிக்கிறது என்று கொள்வோம். இன்று எந்த நாள் என்பது புறப்படும்போது அவருக்குத் தெரியாது. ஆகவே 9 மணி வேலைக்கு நாள்தோறும் 7.10 மணிக்கே கிளம்புகிறார். நல்ல நாளில் மிஞ்சும் 40 நிமிடத்தைச் சிற்றுண்டிச்சாலையில் கழிக்கலாமே ஒழிய, உறக்கமாக மாற்றிக்கொள்ள இயலாது. ஐந்து நாளில் இந்த இழப்பு 3 மணி 20 நிமிடமாகிவிடுகிறது.

தொலைவைவிட நிச்சயமின்மையே மனத்தை வருத்துகிறது. நியூயார்க் பகுதியில் ரயிலில் பணிக்குச் செல்வோரை ஆராய்ந்த கேரி எவன்ஸ், ரிச்சர்ட் வெனர் ஆகியோர், பயணத்தை முன்கூட்டிக் கணிக்க இயலாதவர்களின் உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் சுரப்பு மிகுந்திருக்கக் கண்டனர். இதனோடு உறக்கக் குறைவும் சேரும்போது, சினத்தை அடக்கும் ஆற்றல் தளர்கிறது. "நேற்றுக் கேட்ட கோப்பு ஆயிற்றா, சார்?" என்று சக ஊழியர் இயல்பாக வினவியதும் குற்றச்சாட்டாகவே செவியில் விழுகிறது. கோப்பைப் பற்றித் தொடங்கிய பேச்சு, குளிர்சாதனத்தை யார் கூட்டி வைத்தார் என்பதில் வந்து நிற்கும்.

இச்சிடுசிடுப்புக்குக் காரணம் பயணமா, பணியா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. இரண்டு வாரம், வாக்குவாதம் எழுந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். வந்து அமர்ந்த முதல் அரைமணியிலும், வாரக் கடைசியிலும் அவை குவிந்திருந்தால், ஞாயிறன்று வழக்கத்தைவிட இரண்டு மணி கூடுதலாக உறங்கவும் நேர்ந்தால், பயணத்தையே ஐயுற வேண்டும். நாள் முழுவதும் ஒரே மேலாளரிடம் மட்டுமே மோதல் எழுமாயின் காரணம் வேறு.

2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோ 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வந்தது. படகில் உயர் நீதிமன்றத் துறைக்குச் சென்று, மெட்ரோ ரயிலில் வைட்டிலாவை அடைந்து, அங்கிருந்து மீண்டும் படகில் காக்கநாடு செல்லலாம். இவ்வழி விரைவானது என்று சொல்லிவிட முடியாது. மூன்று இடங்களில் மாறியேற வேண்டும், இறங்கியபின் அலுவலகத்திற்கு மற்றொரு வண்டியும் தேவைப்படும். படகில் 100 பேர் ஏறினாலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இருக்கை. ஆயினும் நீரில் சாலை நெரிசல் இல்லை. படகைத் தவறவிடாதவரையில் 1 மணி 40 நிமிடம் என்றால் அவ்வளவே. சேமிப்பு 10 நிமிடம்தான் எனினும், தோப்பும்படியில் வண்டி நின்றுவிடுமோ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்னும் மலிவான வழி அலுவலகத்தின் கையிலேயே இருக்கிறது. வருகை நேரத்தை 9 மணி என்று இறுக்காமல் 9.40 வரை தளர்த்தினால், நம் நண்பர் 7.50க்குப் புறப்படலாம். மாலையில் அதற்கேற்பத் தாமதமாகத் திரும்புவார். உறக்க நேரத்தை அதற்காகத் தள்ளிப்போடாவிட்டால், அந்த 40 நிமிடமும் தலையணைக்கே திரும்பும்.